ஒரே ஒரு நஷ்ட நாள்

தொடர் – 11

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனுக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர் ஸ்டெல்லன்போஷ். சென்ற வாரம் பார்த்த சீட்டுக் கம்பெனிகளுக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஒரு சமுத்திரமே இருக்கிறது. ஆனால், இந்த வாரக் கதையின் நாயகனாக விளம்பரப்படுத்தப்பட்ட ரோபோ இங்கிருந்துதான் புறப்பட்டது.

நிறுவனத்தின் பெயர் மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல், சுருக்கமாக எம்.டி.ஐ. தலைவர் யோஹான் ஸ்டைன்பெர்க். திட்டம் கேட்க எளிமையானது. குறைந்தது 100 டாலர் மதிப்புள்ள பிட்காயினை அனுப்ப வேண்டும். எல்லோருடைய பிட்காயினும் ஒரே தொட்டியில் சேரும். செயற்கை நுண்ணறிவு கொண்ட மென்பொருள் ஒன்று அதை வைத்து அன்னியச் செலாவணிச் சந்தையில் யூரோ, டாலர் என்று வாங்கி விற்கும். லாபம் தினந்தோறும் உங்கள் கணக்கில் ஏறும். சராசரியாக நாளுக்கு அரை சதவீதம். நீங்கள் ஆள் சேர்த்துவிட்டால் அவர் போடும் பணத்துக்குத் தனி கமிஷன். ரோபோ வந்த பிறகு வர்த்தகம் நஷ்டத்தில் முடிந்தது ஒரே ஒரு நாள்தான் என்றும் பெருமையாகச் சொன்னார்கள்.

ஒரே ஒரு நாள்கூட நஷ்டமில்லை என்று சொல்லியிருந்தால் சிலராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஒரு நாளை விட்டுக்கொடுத்ததில்தான் சாமர்த்தியம்.

அரை சதவீதம் என்பது சின்னதாகத் தெரிகிறது, இல்லையா? அதனால்தான் அது எடுபடுகிறது. வருடத்துக்கு 250 வர்த்தக நாட்கள் என்று வைத்து, லாபத்தை எடுக்காமல் அப்படியே விட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் முதல் வருட முடிவில் சுமார் மூன்றரை லட்சம். ஐந்து வருடத்தில் ஐந்து கோடியைத் தாண்டும். பத்து வருடத்தில் ஏறக்குறைய 2,600 கோடி. இப்படி ஒரு மென்பொருளை நிஜமாகவே எழுதிவிட்டவருக்கு உங்கள் ஒரு லட்சம் எதற்கு? வங்கியில் ஒரு தனிநபர் கடன் போதுமே, உலகத்தை வாங்கிவிடலாம்.

எம்.டி.ஐ.யின் பணம் பெலிஸ் நாட்டில் பதிவான எஃப்.எக்ஸ்.சாய்ஸ் என்ற புரோக்கரிடம் இருந்தது. 2020-ன் நடுவில் அந்த புரோக்கர் கணக்கை முடக்கியது. அந்த வருடம் ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பங்குப்பத்திர வாரியம் எம்.டி.ஐ.க்குத் தடை உத்தரவு போட்டது. தென்னாப்பிரிக்காவின் நிதித்துறை நடத்தை ஆணையம் விசாரணையைத் தொடங்கி, ஆகஸ்டில், பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலீட்டாளர்களை எச்சரித்தது. யாரும் பதறவில்லை. எல்லாப் பணத்தையும் ‘டிரேட் 300’ என்ற வேறு புரோக்கருக்கு மாற்றிவிட்டோம் என்று எம்.டி.ஐ. அறிவித்தது, உறுப்பினர்களின் திரையில் லாபம் வழக்கம்போல் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆணையம் இரண்டு பக்கத்துக் கணக்கையும் எடுத்து ஒப்பிட்டது. எம்.டி.ஐ. தன் உறுப்பினர்களுக்கு லாபம் என்று காட்டிய அதே காலத்தில், பழைய புரோக்கரிடம் நடந்த வர்த்தகம் நஷ்டத்தில் முடிந்திருந்தது. புதிய புரோக்கரிடம் போனதாகச் சொன்ன ஆயிரக்கணக்கான பிட்காயின்களுக்கோ உருப்படியான ஆதாரம் எதையும் நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. திரையில் தினமும் ஏறியது யாரோ தட்டச்சு செய்த எண். 2020 டிசம்பரில் பணம் எடுப்பது நின்றது. ஸ்டைன்பெர்க் பிரேசிலுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வருடத்தில் உலகிலேயே பெரிய கிரிப்டோ மோசடி இதுதான் என்று கிரிப்டோ பரிவர்த்தனைகளைத் துப்புத் துலக்கும் செயினாலிசிஸ் நிறுவனம் கணித்தது. 2022-ல் அமெரிக்காவின் சரக்கு எதிர்கால வர்த்தக ஆணையம் (சி.எஃப்.டி.சி.) வழக்குப் போட்டபோது, ஏமாற்றிப் பெற்றதாகச் சொன்ன தொகை 29,421 பிட்காயின், 170 கோடி டாலருக்கு மேல். அமெரிக்காவில் மட்டும் குறைந்தது 23,000 பேர் பணம் போட்டிருந்தார்கள்.

எம்.டி.ஐ. கதையில் ரோபோவே இல்லை. ஆனால், ரோபோ நிஜமாகவே இருந்து, நிஜ புரோக்கரிடம் நிஜமாகவே வர்த்தகம் செய்து, மாதக்கணக்கில் தினமும் லாபம் காட்டும் இன்னொரு வகை உண்டு. நம்மூர் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் விற்கப்படுவதில் இதற்கும் பெரிய பங்கு. இதைப் பார்த்துத்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். கோவையில் ஒரு இன்ஜினீயர் தன் போனை என்னிடம் நீட்டி, “சார், இது என் சொந்த அக்கவுன்ட். பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்கு. தினம் ஒரு பர்சென்ட் வருது, நீங்களே பாருங்க” என்றார். பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது.

அவர் வைத்திருந்தது மெட்டாடிரேடர் என்ற செயலி. அதில் தானாக வாங்கி விற்கும் நிரலை ‘இ.ஏ.’ என்பார்கள். பெட்டியின் மேல் செயற்கை நுண்ணறிவு என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு பழைய சூதாட்ட உத்தி: தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கு. மார்ட்டிங்கேல் என்று பெயர்.

ஆயிரம் டாலர் கணக்கில் அது எப்படி ஓடும் என்று பார்ப்போம். யூரோவின் விலை 1.1000 டாலர். ரோபோ மிகச் சிறிய அளவில், 0.01 லாட், வாங்குகிறது. இந்த அளவுக்கு விலை ஒரு பிப், அதாவது 0.0001, அசைந்தால் லாபமோ நஷ்டமோ பத்து சென்ட்தான். விலை ஏறினால் விற்றுவிட்டு மறுபடி தொடங்கும். இறங்கினால் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு வெளியேறாது. 20 பிப்புக்கு ஒருமுறை முந்தியதைப்போல் இரண்டு மடங்கு வாங்கும். 1.0980-ல் 0.02, 1.0960-ல் 0.04, அடுத்து 0.08, 1.0920-ல் 0.16.

இப்போது விலை 80 பிப் இறங்கியிருக்கிறது. மிதக்கும் நஷ்டம் 52 டாலர். ஆனால், கடைசியில் வாங்கியதுதான் பெரிய அளவு என்பதால், சராசரி விலை 1.0937-க்கு இறங்கிவிட்டது. விலை 1.0920-லிருந்து வெறும் 20 பிப் மேலே வந்தால் போதும், மொத்தக் கட்டும் ஏறக்குறைய பத்து டாலர் லாபத்தில் மூடப்படும். அதாவது ஒரு சதவீதம். கோவைக்காரர் தினமும் பார்த்தது இந்தப் பத்து டாலரைத்தான். சந்தை நேர்கோட்டில் இறங்குவது அபூர்வம். இடையிடையே கொஞ்சம் மேலே வந்துதான் போகும். ஆகவே இந்த உத்தி பெரும்பாலான நாட்களில் ஜெயிக்கும். ரோபோவின் ‘அறிவு’ இவ்வளவுதான்.

மேலே வராத நாள் ஒன்று உண்டு. 140 பிப் இறங்கும்போது, ஏழு முறை வாங்கிய நிலையில், நஷ்டம் 494 டாலர். எட்டாவது முறை 1.28 லாட். இப்போது ஒவ்வொரு பிப்பும் 25 டாலரைத் தின்னும். இன்னும் 20 பிப் போனால் ஆயிரம் டாலரும் தீர்ந்தது. மார்ஜின் போதாமல் புரோக்கர் அதற்கு முன்பே எல்லாவற்றையும் மூடிவிடவும் கூடும். யூரோவும் டாலரும் சில நாட்களுக்குள் 160 பிப் நகர்வது அதிசயமே அல்ல. ஒரு முக்கியமான வட்டி விகித அறிவிப்பு போதும். அதிசயமான நாட்களும் வரும். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் மூன்று வருடத்துக்கு மேல் தாங்கிப்பிடித்த எல்லையை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் விலை ஆயிரக்கணக்கான பிப் சரிந்தது. பிரிட்டனில் அல்பாரி என்ற புரோக்கரே திவாலானது. வாடிக்கையாளரின் ரோபோக்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் பொய்க் கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெட்டாடிரேடர் திரையின் கீழே இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: Balance, Equity. முதலாவது, மூடிய வர்த்தகங்களை மட்டும் சேர்த்தது. இரண்டாவது, இன்னும் மூடாமல் மிதக்கும் நஷ்டத்தையும் கழித்தது. நஷ்டத்தில் மூடவே மாட்டேன் என்றிருக்கும் ரோபோவின் Balance மாடிப்படி போல ஏறிக்கொண்டேதான் போகும். விற்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது அந்தக் கோடு. Equity கோட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். படிக்கட்டுக்குக் கீழே அடிக்கடி ஆழமாகத் தொங்கும் பள்ளங்கள் தெரியும். கோவைக்காரரின் போனிலும் அன்று இரண்டு எண்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. “அது மிதக்குறது சார், நாளைக்கு மேல வந்துரும்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, அநேக நாட்களில் வந்துவிடும்.

ஆக, சீரான தினசரி லாபம் இரண்டு வழியில்தான் பிறக்கிறது. வர்த்தகமே நடக்காமல் எண் எழுதப்படுகிறது. அல்லது நஷ்டம் வேறொரு கட்டத்தில் ஒளிந்திருக்கிறது. நிஜமாகவே கணிதத்தாலும் கணினியாலும் சம்பாதிக்கும் நிதியங்களுக்கும் நஷ்ட நாட்கள் ஏராளம், நஷ்ட மாதங்களும் உண்டு. ஏற்ற இறக்கமே இல்லாத கோட்டை ரோபோவின் திறமைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அந்த நேர்க்கோடுதான் முதல் தடயம். சி.எஃப்.டி.சி.யும் 2024 ஜனவரியில், செயற்கை நுண்ணறிவு வந்ததால் வர்த்தக ரோபோ பணம் அச்சடிக்கும் இயந்திரமாகிவிடாது என்று தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டதும் எம்.டி.ஐ.தான்.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அனுமதி பெறாத வெளிநாட்டுத் தளங்களில் அன்னியச் செலாவணி வர்த்தகம் செய்வதும், அதற்காக இங்கிருந்து பணம் அனுப்புவதும் ஃபெமா சட்டப்படி விதிமீறல். இப்படிப்பட்ட தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்றால் அனுமதி இருக்கிறது என்று பொருளல்ல என்பதையும் வங்கியே சொல்லியிருக்கிறது. பணம் போன பிறகு புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் தன் பக்கத்து விதிமீறலுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பலர் வாயை மூடிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஸ்டெல்லன்போஷுக்கு வருவோம். ஸ்டைன்பெர்க் 2021 டிசம்பரில் பிரேசிலில் போலி அடையாள அட்டையுடன் பிடிபட்டார். 2024-ல் அங்கேயே இறந்தார். எம்.டி.ஐ. ஒரு பொன்சி திட்டம் என்று 2023-ல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் அறிவித்தது. முடக்கப்பட்ட பழைய புரோக்கர் கணக்கில் மிஞ்சியிருந்த 1,281 பிட்காயின்களைக் கலைப்பு அதிகாரிகள் மீட்டார்கள். 29,421-க்கு முன்னால் அது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. போட்டதைவிட அதிகமாக எடுத்தவர்களின் பட்டியலைத் தயாரித்து, எடுத்ததைத் திருப்பித் தரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பத் தொடங்கினார்கள். தினமும் அரை சதவீதம் லாபம் வந்ததாக நம்பி, அதை எடுத்துச் செலவும் செய்து முடித்தவர்கள் அவர்கள். சட்டத்தின் கணக்கில் அது ரோபோ ஈட்டிய லாபம் அல்ல, அவர்களுக்குப் பின்னால் சேர்ந்த இன்னொருவரின் முதல்.

(தொடரும்)