மோட்டாரோடு மேலே வரும் தண்ணீர்

போர்வெல் மோட்டார் பழுதானால் அதை மேலே இழுக்க முக்காலி, கப்பி, நாலு ஆள் வேண்டும். மோட்டார் எவ்வளவு எடை என்று எல்லாரும் கேட்பார்கள். குழாய்க்குள் நிற்கும் தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மோட்டாரை நிறுத்தினாலும் அந்தத் தண்ணீர் கீழே இறங்காது. பம்பின் மேலே உள்ள என்.ஆர்.வி. வால்வு அதைப் பிடித்து வைத்திருக்கும்.

கணக்கு எளிது. குழாயின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் குழாயில் எத்தனை லிட்டர் நிற்கும் என்பது கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் அதுவே எடையும் ஆகிறது. அங்குலத்தில் இன்னும் சுலபம்: உள்விட்டத்தின் வர்க்கத்தில் பாதி. இரண்டு அங்குலம் என்றால் மீட்டருக்கு 2 லிட்டர், நான்கு அங்குலம் என்றால் 8 லிட்டர். விட்டம் இரட்டித்தால் தண்ணீர் நான்கு மடங்காகும்.

சறுக்குவது உள்விட்டத்தில்தான். கடையில் 63 எம்.எம். என்று விற்கும் கறுப்பு ஹெச்.டி.பி.இ. குழாயில் 63 என்பது வெளிவிட்டம். சுவரின் தடிமன் 5.8 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் கழித்து உள்ளே மிஞ்சுவது 51.4. அதில் மீட்டருக்கு 2.07 லிட்டர் நிற்கும். 63-ஐ அப்படியே போட்டிருந்தால் 3.1 வந்திருக்கும், அதாவது ஒன்றரை மடங்கு. வெட்டிய முனையில் வெர்னியர் வைத்துப் பார்ப்பதே நல்லது.

இப்போது 300 அடி, அதாவது ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் மோட்டார் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 60 மீட்டரில். குழாயில் மொத்தம் 186 கிலோ தண்ணீர் இருந்தாலும், அத்தனையும் கயிற்றில் தெரியாது. மூழ்கியிருக்கும் 30 மீட்டரில் உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். எடை சரிக்கட்டிப் போகிறது. மேலே உள்ள 60 மீட்டரில் நிற்கும் 124 கிலோதான் சுமை. அந்த நீளத்துக் குழாயின் எடையே 60 கிலோவைத் தொட்டு நிற்கும், ஆக தண்ணீர் அதைப் போல் இரண்டு மடங்கு. இழுக்க இழுக்கக் குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம். மோட்டார் நீர்மட்டத்துக்கு வரும்வரை, தண்ணீருக்கு மேலே தொங்கும் நீளம் அதே 60 மீட்டர்தான். அதன் பிறகே சுமை இறங்கும்.

இதே 124 லிட்டர், வால்வின் நிலையையும் காட்டிக்கொடுக்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் மோட்டாரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்துப் போட்டால், வால்வு சரியாக இருக்கையில் தண்ணீர் உடனே வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் வெறும் காற்று சீறினால், குழாய் காலியாகிவிட்டது என்று பொருள். வால்வு கசிகிறது, அல்லது வால்வுக்கு மேலுள்ள ஏதோ ஓர் இணைப்பு கசிகிறது. இழுப்பவருக்கு மட்டும் அன்றைக்கு வேலை லேசு.