மூன்று நாளாகியும் விடாத ஒற்றைத் தலைவலி

மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி பொதுவாக மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். 72 மணி நேரம் கடந்தும் ஆளை முடக்கிப்போட்டால் அதை மருத்துவர்கள் 'ஸ்டேட்டஸ் மைக்ரேனோசஸ்' என்கிறார்கள்.

பல ஆண்டுகளாக மைக்ரேன் உள்ள ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாளும் வலி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வயிற்றின் இயக்கம் மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரையும் சரியாக உடம்பில் சேராது. வீட்டு வைத்தியம் தோற்பது இங்கேதான்.

மருத்துவமனையில் முதலில் வேறு காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், திடீரென உச்சத்துக்குப் போன வலி ஆகியவை இருந்தால் ஸ்கேன் தேவைப்படும். இல்லையென்றால் சலைன் ஏற்றி, மெட்டோக்ளோபிரமைடு 10 மில்லிகிராம் நரம்பு வழியே கொடுப்பார்கள். இது வாந்தியை மட்டுமல்ல, வலியையும் குறைக்கும். வேகமாக ஏற்றினால் உட்கார முடியாத தவிப்பு வரலாம். அதனால் சுமார் 15 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றுவது நல்லது. அப்படித் தவிப்பு வந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். கூடவே கீட்டோரோலாக் ஊசி போடுவதுண்டு. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் அது ஆகாது. டெக்சாமெத்தசோன் ஒரு வேளை போடுவது, வீடு திரும்பிய பின் வலி மீண்டும் வருவதைக் குறைக்கத்தான். அடங்காவிட்டால் வால்ப்ரோயேட் ஏற்றலாம், கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

இந்த நாட்களில் விழுங்கிய மாத்திரைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.