வெண்பாவும் புதுக்கவிதையும்: ஒரு வரைவின் இருவழிப் பயணம்

தமிழில் யாப்பும் புதுக்கவிதையும் நீண்ட காலம் எதிரெதிர் நிலைப்பாடுகளாகவே விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியதை ஒட்டி எழுந்த கருத்துப்போரில் இரண்டையும் கையாளும் கருவிகளாகக் கண்டவர்கள் சிலரே. ஆயினும் எழுதுபவனுக்கு இவ்விரண்டும் கருவிகளாகவே பயன்படுகின்றன. தன் கையிலிருக்கும் பொருள் எவ்வடிவை வேண்டுகிறது என்பது அவனுக்கு முன்னரே தெரிவதில்லை. அதனை அறிவதற்கு ஒரு வழி, புதுக்கவிதை வரைவை நாலடிச் செய்யுளாக மாற்றிப் பார்ப்பது. பின்னர் அச்செய்யுளை மீண்டும் கட்டவிழ்ப்பது. இக்கட்டுரை அம்முயற்சியைக் கட்டுரையாளரின் வரைவு ஒன்றைக் கொண்டு படிப்படியாக விளக்குகிறது. வரைவு வருமாறு:

கிணறு தூர்ந்து
பதினாறு ஆண்டுகள்.
கல்லில் மட்டும்
கயிறு ஊர்ந்த தடம்.
கடந்து போகும்போதெல்லாம்
அம்மா
அதில் விரல் வைக்கிறாள்
ஈரம் இருக்கிறதா என்று
பார்ப்பவள் போல.

இதில் பிழையென்று சுட்டத்தக்கது எதுவும் உடனே தென்படவில்லை. ஆனால் அடிகள் ஏன் அந்தந்த இடத்தில் முறிகின்றன என்று கேட்டால் உறுதியான விடை இல்லை. ‘அம்மா’ தனியடியாக நிற்பது அழுத்தத்திற்காகவா, வழக்கத்தாலா என்பதும் தெளிவில்லை. இத்தகைய ஐயம் எழும் வரைவே மாற்றிப் பார்க்கத் தக்கது.

நாலடிச் செய்யுள்களுள் எதனைத் தேர்வது என்பது முதல் வினா. கலிவிருத்தம் நான்கு அளவடிகளால் ஆவது. நான்கடியிலும் ஓரெதுகை வரத் தொடுப்பதே அதன் பெருவழக்கு. அவ்வடிவம் ஒரே சீராக முன்னேறும் பொருளுக்கு ஏற்றது. இவ்வரைவின் பொருளோ இரு கூறாகப் பிரிகிறது. முதற்கூறு கல்லைப் பற்றியது. இரண்டாவது அம்மாவைப் பற்றியது. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் நிற்கும் தனிச்சொல்லே ஒரு திருப்பம். அதற்கு முன் ஏழு சீர். பின் ஏழு சீர். கல்லிலிருந்து அம்மாவுக்குச் செல்லும் திருப்பம் அவ்விடத்தில் இயல்பாகவே விழும் எனத் தோன்றியது. எனவே வெண்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் வடிவம் இது:

தூர்ந்த கிணற்றருகே தோயாத கல்விளிம்பில்
ஊர்ந்த கயிற்றின் தடமொன்றே – பார்த்தம்மா
ஈரம் இருந்திடுமோ என்றுவிரல் வைக்கின்றாள்
வாரம் ஒருமுறை வந்து.

தளை பிழையின்றி அமைந்துவிட்டது. ‘வந்து’ என்னும் ஈற்றுச்சீர் காசு வாய்பாட்டில் முடிகிறது. ஓசை நிறைவு தரும் இந்த இடத்திலேயே எழுதுபவன் ஏமாறுகிறான். இலக்கணம் பொருந்திவிட்டதால் பொருளும் பொருந்திவிட்டது என்ற மயக்கம் எளிதில் ஏற்படுகிறது. அதனைத் தவிர்க்க, வரைவில் இல்லாது வெண்பாவில் புதிதாக வந்த சொற்களை மட்டும் தனியே எழுதிப் பார்க்க வேண்டும். இங்கே அவை தோயாத, பார்த்து, வாரம் ஒருமுறை வந்து என்பன. இவற்றுள் ஒவ்வொன்றும் பொருளிலிருந்து வந்ததா, யாப்பிலிருந்து வந்ததா என்பதே கேட்கத்தக்க வினா.

‘தோயாத’ யாப்பிலிருந்து வந்தது. ‘கிணற்றருகே’ என்னும் காய்ச்சீருக்குப் பின் நேரசையில் தொடங்கும் சீர் தேவைப்பட்டது; ‘தூர்ந்த’ என்பதற்கு மோனையும் தேவைப்பட்டது. இரண்டையும் அச்சொல் நிறைவேற்றியது. ஆனால் கிணறு தூர்ந்தது என்ற பின் கல் நனையாதது என்பது நன்னூல் குற்றம் எனக் கூறும் ‘கூறியது கூறல்’. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. ஈரம் இருக்குமோ என்று அம்மா ஐயுறுவதற்கு முன்பே ஈரமில்லை என்று முதலடி அறிவித்துவிடுகிறது.

‘வாரம் ஒருமுறை’ இன்னும் தீயது. ‘ஈரம்’ என்பதற்கு எதுகை தேடியபோது ‘வாரம்’ கிடைத்தது. ‘வந்து’ மோனையையும் ஈற்றுச்சீரையும் ஒருங்கே தந்தது. கேட்பதற்கு அடி மிக இனிது. ஆயின் அது பொய். அம்மா அங்கே வாரந்தோறும் வருபவள் அல்லள். வீட்டுக்கும் கொல்லைக்கும் இடையே நடக்கையில் போகிற போக்கில் விரல் வைப்பவள். எதுகை அவளது பழக்கத்தைச் சடங்காக்கிவிட்டது. கையறிந்து செய்வது வேறு, நாள் குறித்துச் செய்வது வேறு. வரைவின் உயிர் அந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

‘இருந்திடுமோ’ என்பதில் உள்ள ‘இடு’ யாப்பு கேட்டதன்று. ‘இருக்கிறதா’ என்றே வைத்தாலும் தளை கெடாது. செய்யுள் எழுதுகிறோம் என்ற நினைப்பு மட்டுமே கையைப் பழஞ்சொல்லுக்கு இழுத்துச் சென்றது. யாப்பின்மீது சுமத்தப்படும் பழிகளுள் பல இத்தகைய பழக்கத்திற்கு உரியவை என்பது என் கருத்து.

மாறாக, ஓரிடத்தில் யாப்பின் அழைப்பை ஏற்கவில்லை. இரண்டாம் அடியில் ‘ஊர்ந்த’ என்பதற்கு மூன்றாம் சீரில் மோனை வைக்க விரும்பின் ‘உருவொன்றே’ எனலாம். அசையும் தளையும் அப்படியே அமையும். ஆனால் கயிறு கல்லில் விட்டது தடம், உரு அன்று. மோனை கைவிடப்பட்டது.

இக்குறைகளை நீக்க முயன்றபோது கிடைத்த இரண்டாம் வடிவம் பின்வருவது. இதற்குக் ‘கிணறு’ என்னும் தலைப்பு இன்றியமையாதது.

தூர்ந்து பதினாறாண் டாகியும் கல்விளிம்பில்
ஊர்ந்த கயிற்றின் தடமுண்டு – சார்ந்தம்மா
ஓரம் நடக்குங்கால் தன்விரலை வைக்கின்றாள்
ஈரம் இருக்குமோ என்று.

முதலடியில் ஆண்டுக்கணக்கு திரும்பியுள்ளது. அதற்கு விலையாகக் கிணறு தலைப்புக்குச் சென்றது. எண்ணும் கிணறும் தடையின்றி ஓரடியில் நிற்க இடமில்லை. மேலும் ‘பதினாறாண் டாகியும்’ என்பது வகையுளி. கண்ணால் படிப்பவர் அதனைச் சேர்த்துக்கொள்வர்; காதால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவர். ‘தன்விரலை’ என்பதில் ‘தன்’ வெறும் நிரப்பி. ‘மெல்ல விரல்வைப்பாள்’ என்றும் மாற்றலாம், தளை தட்டாது. ஆனால் ‘மெல்ல’ வாசகரின் இரக்கத்தைக் கேட்டு வாங்கும் சொல். பொருளற்ற நிரப்பியே அதனினும் மேல் எனக் கருதி ‘தன்’ விடப்பட்டது.

இவ்வடிவில் கிடைத்த பேறுகள் இரண்டு. முதலாவது ‘சார்ந்து’ என்னும் சொல். அது எதுகைக்காகவே தேடப்பட்டது. தூர்ந்து, ஊர்ந்த என்பவற்றோடு ஒலிக்கும் சொற்களை வரிசையாக எழுதிப் பார்க்கையில் சேர்ந்து, நேர்ந்து, ஓர்ந்து ஆகியவற்றோடு அதுவும் வந்தது. வந்தபின்பே நினைவு திறந்தது. அம்மா இப்போது சுவரைப் பிடித்துச் சார்ந்தே நடக்கிறாள். அவள் கை கல்லின் மேல் படுவதற்குக் காரணமே அதுதான். ‘கடந்து போகும்போதெல்லாம்’ என்று வரைவு பொதுப்படச் சொல்லி விட்டிருந்த இடத்தில் அவளது முதுமை மறைந்து கிடந்தது. ‘வாரம்’ வந்ததும் எதுகையால். ‘சார்ந்து’ வந்ததும் எதுகையால். எதுகை இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்தது. முன்னதை உண்மையோடு ஒப்பிட்டபோது பொய்த்தது, பின்னது மெய்த்தது.

இரண்டாவது பேறு ஓர் இழப்பு. ‘பார்ப்பவள் போல’ என்னும் வரைவின் இறுதியடிக்கு வெண்பாவில் இடமில்லை. முச்சீர் ஈற்றடி ‘ஈரம் இருக்குமோ என்று’ என்பதோடு நிறைந்துவிட்டது. அதனை விட்டபின் பார்த்தால் அவ்வடி தேவையற்றது என விளங்கியது. ‘போல’ என்பது எழுதியவனின் தற்காப்பு. அம்மா உண்மையில் ஈரம் தேடுகிறாள் என்று சொல்லக் கூசி, தேடுபவள் போல என்று அவன் பின்வாங்கியிருக்கிறான்.

இனி மறுதலைப் பயணம். வெண்பாவை அடி முறித்து எழுதினால் மட்டும் அது புதுக்கவிதை ஆகாது. புணர்ச்சியைப் பிரித்து எழுதிய பின்னும் சீர்கள் ஈரசையும் மூவசையுமாக அதே நடையில் நடக்கும். அடுத்த அடியின் அளவைச் செவி முன்கூட்டியே எதிர்பார்க்கும். அவ்வாறு எதிர்பார்த்தால் உள்ளே வெண்பா ஒளிந்திருக்கிறது என்று பொருள். எனவே அதனை முதலில் ஒரே உரைநடைத் தொடராகச் சொல்லிப் பார்த்து, யாப்புக்காக மட்டும் நின்ற சொற்களை நீக்கி, பின்னரே அடி பிரிக்க வேண்டும். அவ்வாறு கிடைத்தது இது:

கிணறு தூர்ந்து பதினாறு ஆண்டுகள்.
கல் விளிம்பில்
கயிறு ஊர்ந்த தடம்.

சுவரைச் சார்ந்து நடக்கும் அம்மா
அதில் விரல் வைக்கிறாள்
ஈரம் இருக்குமோ என்று.

ஒன்பதடி ஆறடியாயிற்று. தனிச்சொல் நின்ற இடத்தில் இப்போது வெற்றிடம் ஒன்று நிற்கிறது. முதல் வரைவில் அந்த இடைவெளி இல்லை. ‘அம்மா’ தனியடியிலிருந்து இறங்கிச் சுவரோடு சேர்ந்தாள். ‘மட்டும்’ என்னும் சொல்லும் போயிற்று. அது உணர்ச்சியைக் கோடிட்டுக் காட்டியதன்றி வேறொன்றும் செய்யவில்லை. ‘இருக்கிறதா’ என்பது ‘இருக்குமோ’ ஆயிற்று. முன்னது சோதிப்பவரின் வினா. பின்னது விடை தெரிந்தும் விட மனமில்லாதவரின் வினா.

இரண்டனுள் எது இப்பொருளின் வடிவம்? ஆறடி வடிவமே என்பது என் துணிபு. வெண்பாவின் ஓசை செப்பலோசை. தொல்காப்பியக் கிளவியாக்கம் செப்பையும் வினாவையும் இணையாக வைத்துப் பேசுகிறது. செப்பு என்பது அங்கே விடை. காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் வெட்டென முடியும் ஈற்றடிக்கு, எதையும் விடையாக்கிவிடும் ஆற்றல் உண்டு. அம்மாவின் வினாவைக்கூட அது தீர்ந்த செய்திபோல ஒலிக்கச் செய்கிறது. புதுக்கவிதை வடிவிலும் அதே மூன்று சொற்களே இறுதியில் நிற்கின்றன. ஆனால் முன்னடிகள் ஓர் அளவை நிறுவாததால் முடிவும் அளவை நிறைவு செய்வதில்லை.

மாற்றுக் கருத்துக்கும் இடமுண்டு. அவையில் படித்துக் காட்டுகையில் வெண்பாவே நினைவில் தங்கியது. கேட்டோருள் ஒருவர் ஈற்றடியைத் திருப்பிச் சொன்னார். ஆறடி வடிவை எவரும் திருப்பிச் சொல்லவில்லை. தவிர, இம்முறை பதினைந்து சீருக்குள் அடங்கும் சிறுபொருளுக்கே நேராகப் பொருந்தும். கதைப்போக்குடைய நீண்ட வரைவைப் பல வெண்பாக்களாக்கினால் ஒவ்வொரு நாலடியும் தனித்தனியே முடிந்து, தொடர்ச்சி அறுபடும்; அங்கே அகவலைச் சோதிப்பதே தக்கது.

ஆறடி வடிவிலும் ஓரிடம் இன்னும் தீரவில்லை. வரைவு ‘வைக்கிறாள்’ என்றது. ‘மெல்ல’ என்பதோடு தள்ளப்பட்ட மாற்றம் ‘வைப்பாள்’ என்றது. ‘போகும்போதெல்லாம்’ நீங்கிய பின், ‘வைக்கிறாள்’ என்பது ஒரே ஒரு முறை நிகழ்ந்ததையும் குறிக்கலாம். ‘வைப்பாள்’ பழக்கத்தைத் தெளிவாக்கும். ஆனால் அவளைக் கண்முன்னிருந்து சற்று விலக்கும். தளை இங்கே துணைவராது.