பூட்டும் பதிவேடும்: இலங்கைக் கிராமங்களில் பூச்சிமருந்து, அன்றும் இன்றும்

வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பூச்சிமருந்தை அதில் வைக்கச் சொல்லலாம். இல்லையென்றால், குடித்தவரைப் பிழைக்கவிடாத மருந்துகள் கடைக்கே வராமல் நிறுத்தலாம். தற்கொலை இறப்புகளைக் குறைக்க நினைக்கும் அரசுகளுக்குப் பெட்டிதான் முதலில் மனதுக்குப் பிடிக்கிறது. செலவைக் கணக்குப் போட்டுவிட முடியும், யாருடைய வியாபாரமும் கெடாது. இரண்டையும் செய்து பார்த்து, இரண்டின் பலனையும் எண்ணிப் பார்த்த நாடு இலங்கை. தமிழ்நாட்டின் வேளாண்மைத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் அந்த அனுபவத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்பு.

1950களில் இலங்கையில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏழு பேருக்கும் குறைவானவர்களே தற்கொலையால் இறந்தார்கள். புதிய நெல் ரகங்களோடு பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த எண் ஏறிக்கொண்டே போனது. 1995இல் லட்சத்துக்கு 47 ஆகி, உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக நின்றது. இறந்தவர்களில் பெரும்பகுதியினர் கிராமத்தார், அதிலும் இளைஞர்கள் ஏராளம்.

அன்றைய விவசாய வீட்டை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். மருந்தடித்தது போக மிச்சமிருக்கும் புட்டி கட்டிலுக்கு அடியிலோ, கூரைச் சரிவிலோ, வயல் குடிசையிலோ கிடக்கும். வீட்டில் வாய்ச்சண்டை, கடன் கொடுத்தவரின் பேச்சு, காதலுக்கு வந்த எதிர்ப்பு என்று ஏதோ ஒன்று மனதை உடைக்கும் நேரத்தில் அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிழைத்து வந்தவர்களிடம் மருத்துவமனைகளில் பேசிய ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணி நேரம்கூட யோசிக்கவில்லை. எது கொடியது என்று தேடிப் போகவில்லை, இருந்ததை எடுத்தார்கள். சாகவேண்டும் என்ற உறுதியான முடிவு பலரிடம் இல்லை. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதும் இல்லை.

ஆகவே ஒருவர் வாழ்வதும் சாவதும் அவருடைய மனஉறுதியைவிட, அந்த அரை மணி நேரத்தில் கையில் அகப்பட்ட புட்டியில் என்ன இருந்தது என்பதையே சார்ந்திருந்தது. கிராம மருத்துவமனையில் முதலுதவி கிடைத்தாலும் செயற்கை சுவாசத்துக்கு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். மிகக் கொடிய மருந்துகள் அந்தப் பயணத்துக்கு அவகாசம் கொடுப்பதில்லை. அவற்றில் சிலவற்றுக்கு முறிவு மருந்தே கிடையாது.

இலங்கை 1980இல் 33ஆம் எண் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. பூச்சிக்கொல்லிப் பதிவாளர் என்ற பதவி உருவானது. அவருடைய பதிவேட்டில் இல்லாத மருந்தை நாட்டுக்குள் விற்க முடியாது. பின்னால் நடந்த அனைத்துக்கும் இந்த அதிகாரம்தான் அடிப்படை. 1984இல் பாரத்தியான் வகை மருந்துகள் பதிவேட்டிலிருந்து நீங்கின. உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தானவை என்று முதல் வகுப்பில் வைத்தவற்றில் மிச்சமிருந்தவை 1995இல் தடையாயின. அந்த ஆண்டிலிருந்தே விகிதம் இறங்கத் தொடங்கியது.

ஆனால் ஒரு தடை போட்டதும் வேலை முடிந்துவிடவில்லை. முதல் வகுப்பு மருந்துகள் போனதும் விவசாயிகள் எண்டோசல்ஃபானுக்கு மாறினார்கள். அதற்கு முன் அது பெரிய கொலையாளியாக இருந்ததில்லை. இப்போது வீட்டில் இருந்த புட்டி அதுவாகிவிட்டது. விடாத வலிப்போடு நோயாளிகள் வந்தார்கள். 1994இல் எண்டோசல்ஃபானால் பதிவான இறப்பு ஒன்று, 1998இல் ஐம்பது. மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்ததால் இது கண்ணில் பட்டது. அதே 1998இல் எண்டோசல்ஃபானும் தடையானது. மூன்றே ஆண்டுகளில் அதனால் இறந்தோர் எண்ணிக்கை மூன்றுக்கு வந்தது. 1998இலேயே தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டமும் திருத்தப்பட்டது. பிழைத்தவர் போலீசுக்குப் பயப்படாமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அது வழி செய்தது.

அடுத்த படிதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்புகள் எலிகளை வைத்துக் கணக்கிடப்பட்டவை. எலிக்கு மிதமான நஞ்சு மனிதருக்கும் மிதமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2002 முதல் 2008 வரை இலங்கை மருத்துவமனைகளில் பூச்சிமருந்து உட்கொண்டு சேர்ந்த 9,300க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆய்வாளர்கள் திரட்டினார்கள். ‘விஷம் குடித்தவர்’ என்று எழுதி விட்டுவிடாமல், எந்த மருந்து என்பதை ஒவ்வொருவருக்கும் குறித்தார்கள். காகிதத்தில் ஒரே வகுப்பில் இருந்த மருந்துகளுக்குள்ளேயே, ஒன்றைக் குடித்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் பிழைக்க, மற்றொன்றைக் குடித்தவர்களில் பலர் இறந்தது தெரியவந்தது. அப்படி அதிக உயிர் குடித்த மூன்று மருந்துகள் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. அவற்றின் பெயர்களை இங்கே தரவில்லை. முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு அவை தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

பலன் என்ன? 1995உடன் ஒப்பிட 2015இல் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. இந்த இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஓர் உயிருக்கு அரசு நேரடியாகச் செலவிட்டது 50 டாலருக்கும் குறைவு. விளைச்சல் குறைந்ததா என்றும் தனியாகப் பார்த்தார்கள். தடைகளுக்குப் பின் நெல் உட்பட எந்தப் பயிரிலும் தடைகளால் வந்த வீழ்ச்சி எதுவும் தெரியவில்லை. 2021இல் எல்லா வேளாண் ரசாயனங்களையும் ஒரே அடியாக நிறுத்தி, பயிர் விழுந்து, ஏழு மாதத்துக்குள் அரசு பின்வாங்கியதே, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பேசுவது, மாற்று மருந்து இருக்கும்போது மிகக் கொடியதை மட்டும் ஒவ்வொன்றாக விலக்குவது.

விஷம் அருந்தி மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை இந்தக் காலத்தில் குறையவில்லை. துயரமும் முயற்சியும் அப்படியே இருந்தன, இறப்பு குறைந்தது. வேறு வழிகளில் இறந்தோர் எண்ணிக்கையும் இதை ஈடுகட்டும் அளவுக்குக் கூடவில்லை. வறுமையும் குடும்ப வன்முறையும் மனநோயும் தீர்ந்த பிறகுதான் இறப்பைக் குறைக்க முடியும் என்று சொல்லிக் காத்திருந்திருந்தால் அந்த 93,000 பேர் போயிருப்பார்கள். அந்த வேலைகளும் நடக்கவேண்டியவைதான், ஆனால் அவை மெதுவாக நடப்பவை.

இனி பெட்டிக் கதை. அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்கள், 53,000க்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் விவசாயம் செய்யும் வீடு ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போடும் பெட்டி தரப்பட்டது, மீதிப் பாதியில் தரப்படவில்லை. மூன்று ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது: இரு தரப்பிலும் பூச்சிமருந்து அருந்தியோர் விகிதத்தில் நம்பத்தகுந்த வேறுபாடு இல்லை.

ஏன் என்பதற்கு முந்தைய சிறு ஆய்வுகளிலேயே தடயம் இருந்தது. பெட்டி கொடுத்ததும் அதுவரை வயலில் கிடந்த மருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆரம்பத்தில் ஒழுங்காகப் பூட்டியவர்கள் மாதங்கள் போகப் போகப் பூட்டுவதைக் கைவிட்டார்கள். விடிகாலையில் வயலுக்கு ஓடுகிறவர் சாவி தேடிக்கொண்டிருக்க மாட்டார். சாவி எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதோடு, நெருக்கடியில் இருக்கும் ஒருவர் கடைக்கே போய் வாங்கிவிடுவதும் உண்டு. அங்கே வீட்டுப் பெட்டிக்கு வேலையே இல்லை. சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கப் பெட்டி நல்லதுதான். தற்கொலைத் தடுப்புத் திட்டம் என்ற பெயரில் அதற்கு நிதி ஒதுக்குவதைத்தான் இந்த முடிவு ஆதரிக்கவில்லை.

வீட்டுப் பெட்டியும் ஊர்ப் பெட்டகமும் ஒன்றல்ல. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் ‘ஸ்நேகா’ அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு பொதுச் சேமிப்பறை முறையைச் சோதித்தது. வங்கி லாக்கர் போல ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி, அறைக்கு ஒரு பொறுப்பாளர். மருந்து வீட்டுக்குப் போகாமல் அறையிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து அறைக்கும் போய்வரும். கேட்டு வருகிறவர் முகத்தைப் பார்க்க ஒரு மனிதர் அங்கே இருக்கிறார் என்பதும், சண்டை போட்ட இடத்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு நடைதூரம் இருக்கிறது என்பதும் இதன் பலம். விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், விஷமருந்தும் நிகழ்வுகளும் குறைந்தன. ஆனால் சோதனை நடந்தது ஒரு சில கிராமங்களில்தான். மாநிலம் முழுக்கக் கட்டுவதற்கு முன், அனுராதபுரம் அளவுக்கு ஒரு சோதனை இதற்கும் வேண்டும்.

தமிழ்நாட்டின் கையில் உள்ள அதிகாரம் இலங்கைப் பதிவாளருக்கு இருப்பதைவிடச் சிறியது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒரு மருந்தின் விற்பனையை 60 நாட்கள் நிறுத்தலாம், மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். பதிவை ரத்து செய்வது மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநிலம் தற்காலிகத் தடை போட்டுப் பார்த்திருக்கிறது. நாள் முடிந்ததும் மருந்து கடைக்குத் திரும்பிவிடும்.

ஆகவே மாநிலம் செய்யக்கூடியது, மத்திய அரசு மறுக்க முடியாத ஆதாரத்தைத் திரட்டுவது. இன்று தாலுகா மருத்துவமனைச் சீட்டில் பெரும்பாலும் ‘பூச்சிமருந்து’ என்றோ மருந்தின் குடும்பப் பெயரோ மட்டுமே இருக்கிறது. அட்டையில் உள்ள வேதிப்பெயர், செறிவு, கடையில் வாங்கியதா வீட்டில் இருந்ததா, பிழைத்தாரா என்ற நான்கு விவரங்களைக் கட்டாயமாக்க வேண்டும். உடன் வருபவரிடம் புட்டியையோ அதன் படத்தையோ கேட்டு வாங்கும் பொறுப்பை அவசரப் பிரிவில் ஒருவருக்குக் கொடுத்தால் போதும். அந்தக் கணக்கை வைத்து, எந்த மருந்தில் நூற்றுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று மாதாமாதம் வேளாண்மைத் துறைக்கு அனுப்ப வேண்டும். நிரந்தரத் தடை கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையோடும், அதே பூச்சிக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மாற்று என்ன என்பதும் சேர்ந்து போக வேண்டும். இல்லாவிட்டால் விவசாயி நடுவில் மாட்டிக்கொள்வார்.

உரக்கடைக்காரர்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது அரைநாள் பயிற்சி தரலாம். பயிர் என்ன, பூச்சி என்ன என்று கேட்டுப் பதில் சொல்லத் தெரியாதவருக்கு விற்காமல் இருப்பதும், கலங்கிய நிலையில் வருபவரோடு உட்கார்ந்து பேசி வீட்டாரை அழைப்பதும் அவர்களால் முடியும். மாநிலத்தின் 104, தேசிய மனநல உதவி எண் 14416 இரண்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தின் வெற்றியை எத்தனை பெட்டி கொடுத்தோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று அளக்கக் கூடாது. ஒரு மருந்து விலக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு மாவட்டத்திலும் விஷமருந்திச் சேர்ந்தவர்களில் இறப்போர் பங்கு குறைந்ததா என்று பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால், விவசாயிகள் அடுத்து எதற்கு மாறினார்கள் என்பதைச் சீட்டுகளிலிருந்து கண்டுபிடித்து, அதன் கோப்பைத் திறக்க வேண்டும்.