கட்டுரைத் தாளுக்குக் குறிப்புகளைத் தொகுக்கும் முறை

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குக் கணக்கில் வரும் தாள்களுள் முதலாவது கட்டுரைத் தாள். அதற்கு 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். இரண்டு பிரிவுகளில் நான்கு நான்கு தலைப்புகள் தரப்படும். பிரிவுக்கு ஒன்றாக இரண்டு கட்டுரைகளை, ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்களுக்குள் எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம். இந்தத் தாளுக்குத் தனியான பாடப்பகுதி கிடையாது. தலைப்பை விட்டு விலகாமல், கருத்துகளை ஒழுங்காக அடுக்கி, சுருக்கமாகவும் துல்லியமாகவும் எழுத வேண்டும் என்பதே தேர்வாணையத்தின் எதிர்பார்ப்பு. ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது. தகவல், எடுத்துக்காட்டு, மேற்கோள் மூன்றும் முன்கூட்டியே வகைப்படுத்தி மனத்தில் பதிந்திருந்தால்தான் அந்த நேரத்துக்குள் கைகொடுக்கும்.

எப்படி வகைப்படுத்துவது என்பதைப் பழைய வினாத்தாள்களே காட்டுகின்றன. 2016இல் மாநிலங்களுக்கிடையிலான நீர்ப் பூசல்கள், டிஜிட்டல் பொருளாதாரம் போன்ற நேரடித் தலைப்புகள் வந்தன. 2022இல் துறைமுகத்தில் பத்திரமாக நிற்பதற்காகக் கப்பல் கட்டப்படவில்லை என்ற கருத்தும், 2023இல் எதிரணி இல்லாமல் சிந்தனை என்னும் ஆட்டம் தொடங்காது என்ற கருத்தும் தலைப்புகளாயின. சமூகம், பொருளாதாரம், சுற்றுச்சூழல், அறிவியல் என்று மட்டும் பிரித்து வைத்தவருக்கு இத்தகைய தலைப்பு வந்ததும் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்றே தெரியாது.

ஆகவே தொகுப்புக்கு இரண்டு அடுக்குகள் தேவை. முதல் அடுக்கு பொருள் சார்ந்தது: நீர், பெண் கல்வி, வேலைவாய்ப்பு, கூட்டாட்சி, தொழில்நுட்பம் என்று பன்னிரண்டு முதல் பதினைந்து வரை. பொருளுக்கு ஒரே தாள் போதும். இரண்டாம் அடுக்கு கருத்து சார்ந்தது: துணிவு, முன்யோசனை, பட்டறிவு, வளர்ச்சியின் விலை, தனிமனிதரும் அமைப்பும் போன்றவை. எடுத்துக்காட்டை முதல் அடுக்கில் ஒரே ஒருமுறை எழுதி எண் கொடுக்க வேண்டும். இரண்டாம் அடுக்கில் அந்த எண்ணை மட்டும் குறித்தால் போதும். ஒரே செய்தியை நான்கு இடத்தில் எழுதினால் எழுதும் வேலை கூடுவதோடு, பிறகு ஓரிடத்தில் திருத்திவிட்டு மற்ற இடங்களை மறந்துவிடவும் நேரும்.

ஒரு குறிப்பு எப்படி அமைய வேண்டும் என்பதை ‘நீர்’ தாளில் சென்னையை வைத்துப் பார்க்கலாம். பலருடைய குறிப்பேட்டில் ‘சென்னை தண்ணீர்ப் பஞ்சம், 2019’ என்ற ஒற்றை வரிதான் இருக்கும். தேர்வறையில் அது ஒரு வாக்கியமாகக்கூட விரியாது. பயன்படும் குறிப்பில் நான்கு செய்திகள் இருக்கும்.

முதலாவது, நடந்தது என்ன என்பது. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இரண்டாவது, அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அதே நகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அதற்கும் முன்பே, 2003இல், மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, இது எதைக் காட்டுகிறது என்பது. மிகுதியும் பற்றாக்குறையும் சில ஆண்டு இடைவெளியில் மாறி மாறி வரும் நகரில், தேக்கி வைக்கும் இடங்களைப் பேணுவதே முதல் கேள்வி. நான்காவது, எதிர்வாதம். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும் ஒரு காரணம். ஆக்கிரமிப்பு ஒன்றால்தான் பஞ்சம் வந்தது என்று எழுதினால் விவரமறிந்த திருத்துநர் அங்கேயே நின்றுவிடுவார்.

நான்காவது வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கட்டுரைக்கு ஆழம் தருவது அதுதான். 2025 வினாத்தாளில் கசப்பான அனுபவங்களே சிறந்த பாடம் தரும் என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்தது. வெறும் சம்பவமாக மனப்பாடம் செய்தவர், பஞ்சம் வந்தது, பாடம் கற்றோம் என்று முடித்துவிடுவார். நான்கு வரியும் வைத்திருப்பவருக்கு வாதம் தானாக அமையும்: 2003இல் ஒரு பாடம் சட்டமானது, ஆனாலும் 2019இல் ரயிலில் தண்ணீர் வந்தது, அப்படியானால் அனுபவம் மட்டும் போதாது, கற்றதை ஆண்டுதோறும் நடைமுறைப்படுத்தும் அமைப்பும் வேண்டும். அதே குறிப்பு, காடுகள் நாகரிகங்களுக்கு முன்னும் பாலைவனங்கள் பின்னும் வருகின்றன என்ற 2024ஆம் ஆண்டுத் தலைப்புக்கும் பொருந்தும். அங்கே முன்னிறுத்த வேண்டியது ரயில் அல்ல; நகரம் விரிய விரியச் சுருங்கி, 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலம். குறிப்பு ஒன்றுதான், முன்னே நிறுத்தும் வரி மாறுகிறது. இரண்டாம் அடுக்கில் ‘பட்டறிவு’, ‘வளர்ச்சியின் விலை’ இரண்டிலும் இதன் எண் இருக்க வேண்டியதற்குக் காரணம் இதுவே.

எண்களைப் பொறுத்தவரை, ஒரு பொருளுக்கு நான்கைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் அருகே ஆண்டும் வெளியிட்ட அமைப்பும் இருக்க வேண்டும். வேலையின்மை விகிதம், குழாய் இணைப்பு பெற்ற வீடுகள் போன்றவை மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றைப் பென்சிலில் எழுதி வைத்து, தேர்வுக்கு முந்தைய மாதம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. தசம எண்களைச் சுமப்பதைவிட ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்பதுபோல் நினைவில் வைப்பது பாதுகாப்பானது. மாறாத எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சட்டம் வந்த ஆண்டு, தீர்ப்பு வந்த ஆண்டு போன்றவற்றை மையிலேயே எழுதலாம்.

மேற்கோளில்தான் சறுக்கல் அதிகம். பிறர் கருத்தை ஏற்காவிட்டாலும் அதைச் சொல்லும் உரிமையைக் காப்பேன் என்ற புகழ்பெற்ற வாக்கியம் வால்டேரின் பெயரில் உலவுகிறது. அதை எழுதியவர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால், வால்டேரைப் பற்றிய 1906ஆம் ஆண்டு நூலில். உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு என்ற வாசகமும் அந்த வடிவில் காந்தியின் எழுத்துகளில் இல்லை. மூலம் உறுதியாகாத வாக்கியத்தைப் பெயரோடு எழுதுவதைவிடக் கருத்தைச் சொந்த நடையில் சொல்லிவிடலாம்.

மற்றொரு சிக்கல், எல்லோரும் எழுதும் மேற்கோள். உலகளாவிய சகோதரத்துவம் என்றதும் கணியன் பூங்குன்றனாரின் முதல் அடி பெரும்பாலான விடைத்தாள்களில் வந்துவிடும். புறநானூற்றின் 192ஆம் பாடல் அந்த அடியோடு முடிவதில்லை. தீமையும் நன்மையும் பிறர் தருவதால் வருவதல்ல என்றும், பெரியோரை வியத்தலும் வேண்டாம், சிறியோரை இகழ்தல் அதனினும் வேண்டாம் என்றும் பாடல் மேலே செல்கிறது. பொறுப்பு, சமத்துவம், அதிகாரத்தின் முன் நிமிர்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்தப் பின்பகுதியே பொருத்தம். முழுப் பாடலையும் படித்துக் குறித்தவர்தான் இதை எடுத்தாள முடியும். பொருளுக்கு மூன்று மேற்கோள்கள், அவை இடம்பெறும் சூழலோடு, போதுமானவை.

தொகுப்பு வேலை செய்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பழைய தலைப்பு ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் ஒதுக்கி, தொகுப்பைப் பார்க்காமல், பொருந்தும் குறிப்புகளையும் ஒவ்வொன்றும் எந்தக் கருத்தைத் தாங்கும் என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டு நினைவுக்கு வந்தும் அதற்குரிய கருத்து வராவிட்டால் மூன்றாவது வரி சரியில்லை என்று பொருள். பல சோதனைகளிலும் எட்டிப் பார்க்காத குறிப்பைத் தயங்காமல் நீக்கிவிடலாம். எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு மேற்கோளையோ எண்ணையோ எடுத்துவிட்டாலும் வாதம் சிதையாமல் நின்றால் அது அலங்காரத்துக்குச் சேர்ந்தது. 1200 சொற்களில் ஐந்தாறு எடுத்துக்காட்டுகளுக்குத்தான் விளக்கிச் சொல்லும் அளவுக்கு இடம் இருக்கும். அதற்கு மேல் அடுக்கினால் கட்டுரை பட்டியலாகிவிடும்.