‘ஓடும் ப்ரோ’ என்றால் எப்படி ஓடும்?

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறான். இணையத்தில் பழைய லேப்டாப் ஒன்றைப் பார்த்துவைத்து, வாங்கலாமா என்று கேட்க வந்தான். விலை 24,000 ரூபாய். ‘ஐ5, 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ், எல்லா கேமும் ஓடும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அவனுக்கு எல்லா கேமும் வேண்டாம், சைபர்பங்க் 2077 ஒன்று ஓடினால் போதும். விற்பவரிடம் முன்பே கேட்டும்விட்டான்.

“ப்ரோ, இதுல சைபர்பங்க் ஓடுமா?”

“ஓடும் ப்ரோ. செமையா ஓடும்.”

அவ்வளவுதான் உரையாடல். அதை ஃபோனில் காட்டி, “அவரே சொல்லிட்டாரே மாமா” என்றான்.

விற்பவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நொடிக்கு எட்டுப் படம் வந்து திக்கித் திணறினாலும் அது ஓடுவதுதான். கேம் திறந்து, முதல் திரை வந்துவிட்டால் ‘ஓடுது’ என்று சொல்பவர்கள் உண்டு. கேள்வி அப்படி, அதனால் பதிலும் அப்படி.

இந்த கேம் லேசுப்பட்டதல்ல. போலந்து நிறுவனம் ஒன்று 2020 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு முழு நகரத்தையே மழை, விளம்பர விளக்கு, கூட்டம், வண்டிகளோடு வரைந்து காட்ட வேண்டும். 2023இல் அவர்களே குறைந்தபட்சத் தேவையைத் திருத்தி உயர்த்தினார்கள். முழு எச்டி திரையில், தரத்தை அடிமட்டத்தில் வைத்து, நொடிக்கு 30 படம் கிடைக்க கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக 6 ஜிபி நினைவகம் இருக்க வேண்டும். ராம் 12 ஜிபி, எஸ்எஸ்டியில் 70 ஜிபி இடம்.

அப்படியானால் 24,000 ரூபாய் லேப்டாப்பில் 8 ஜிபி கிராபிக்ஸ் எங்கிருந்து வந்தது? எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. Task Manager திறந்து, அதில் Performance, அதற்குள் GPU பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். கால் மணி நேரத்தில் படம் வந்தது. மேலே இன்டெல் யுஎச்டி 620 என்று பெயர். கீழே இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். Dedicated GPU memory என்பதற்கு எதிரே 128 எம்பி. Shared GPU memory என்பதற்கு எதிரே 7.9 ஜிபி.

விளம்பரத்தின் ‘8 ஜிபி’ இந்த இரண்டாவது வரிதான். கிராபிக்ஸுக்கென்று தனி கார்டு இல்லாத லேப்டாப்பில், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் பகுதி ராமிலிருந்து இடம் கடன் வாங்கிக்கொள்ளும். ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விண்டோஸின் கணக்கு. 16 ஜிபி ராம் போட்டால் 8 என்று காட்டும். நாளைக்கே 32 ஜிபி போட்டால் 16 என்று காட்டும், கேமில் அதனால் பெரிய மாற்றம் ஒன்றும் வராது. பக்கத்து வீட்டுக் கிணற்றைக் காட்டி நம் வீட்டில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது போலத்தான். விற்பவர் திரையில் கண்ட எண்ணை அப்படியே எழுதியிருக்கலாம். தெரிந்தே எழுதியவர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் யுஎச்டி 620இல் சைபர்பங்க் விளையாட முடியாது.

அந்த லேப்டாப்பை விட்டுவிட்டோம். அடுத்து அவன் கண்டுபிடித்தது ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு உள்ள கேமிங் லேப்டாப், சொந்த நினைவகம் 4 ஜிபி. குறைந்தபட்சம் 6 என்று சொல்லியிருக்க, இதில் 4தான். ஆனாலும் இது உடனே ஒதுக்க வேண்டிய ரகமல்ல. தரத்தைக் குறைத்தால் விளையாட முடியும். நினைவகம் பத்தாதபோது சுவரும் சாலையும் மங்கலாகத் தெரிந்து, சற்று நேரம் கழித்துத் தெளியும். எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி. அதனால் இந்த முறை செய்தியை நான் எழுதிக் கொடுத்தேன்:

“வணக்கம் அண்ணா. உங்க லேப்டாப் வாங்க விருப்பம். சைபர்பங்க் 2077 விளையாடத்தான் கேட்கிறேன். உங்ககிட்ட அந்த கேம் இருந்தா, சார்ஜர் போட்டு, 1920×1080இல், Low செட்டிங்கில், DLSS அணைச்சு, அதிலேயே இருக்கிற Benchmark ஓட்டி, முடிவுத் திரையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? அரை மணி நேரம் விளையாடிட்டு இன்னொரு தடவை ஓட்டினா ரொம்ப உதவியா இருக்கும். சார்ஜரின் லேபிளையும் ஒரு படம் அனுப்புங்க.”

பெஞ்ச்மார்க் என்பது கேமின் செட்டிங்ஸிலேயே இருக்கும் சோதனை. ஒரே காட்சியை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாக ஓட்டிவிட்டு, நொடிக்குச் சராசரி எத்தனை படம், குறைந்தது எத்தனை என்று சொல்லிவிடும். ‘செம’, ‘சூப்பர்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் வந்த படத்தில் சராசரி 61. பையன் துள்ளிக் குதித்தான். அதே திரையில் DLSS: Performance என்றும் இருந்தது. அந்த வசதி கெட்டதல்ல, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த நிலையில் கேம் உள்ளே 960×540 அளவில், அதாவது கால் பங்கு புள்ளிகளை மட்டும் வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுகிறது. அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னோம். 43 வந்தது. அரை மணி நேரம் கழித்து ஓட்டியதில் 31.

ஒரே செட்டிங்கில் அரை மணியில் 12 படம் குறைகிறதென்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். விசிறியில் தூசி அடைத்திருக்கும், அல்லது சிப்புக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் நடுவே பூசிய பசை காய்ந்திருக்கும். சூடு ஏறியதும் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சுத்தம் செய்து பசை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

சார்ஜர் படம் எதற்கு என்று அவன் கேட்டான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில், 35 வாட் முதல் 80 வாட் வரை வெவ்வேறு அளவில் மின்சாரம் எடுக்கும்படி லேப்டாப்கள் வருகின்றன. குறைவாகக் கொடுத்தால் குறைவாகத்தான் வேலை செய்யும். பெயர் அதைச் சொல்லாது, சார்ஜர் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். லேபிளில் அவுட்புட் என்ற இடத்தில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இதில் 20 வோல்ட், 7.5 ஆம்பியர், ஆக 150 வாட். பரவாயில்லை. 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால் 65 வாட்தான். அதை நம்பி பிராசசரும் கார்டும் சேர்ந்து முழு மூச்சாக உழைக்க முடியாது. சார்ஜர் மாற்றிக் கொடுக்கப்பட்டதா என்றும் அப்போது கேட்க வேண்டும்.

மூவாயிரம் குறைத்து வாங்கினான். Low செட்டிங்கில் விளையாடுகிறான், குறை சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. விற்பவர் தொழில்முறை விற்பனையாளர் என்றால், இந்தப் பேச்செல்லாம் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும், வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். விளம்பரத்தில் சொன்ன அம்சமோ ஒப்புக்கொண்ட அம்சமோ பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. தன் சொந்த லேப்டாப்பை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு இந்த விதி பொருந்தாது. அவரிடம் வாங்கினால் நேரில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.