சரியா, தவறா? பிள்ளைகளுக்காக மூன்று ஆறுகள்

சரியான வாக்கியம் எழுதுவது எளிது. பாடப்புத்தகத்தைத் திறந்து ஒரு வரியை எடுத்தால் போதும். சிந்துவெளி, எகிப்து, மெசபடோமியா ஆகிய மூன்று ஆற்றங்கரை நாகரிகங்களை வைத்து, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ‘சரியா, தவறா’ வினாத்தாள் தயாரிக்க உட்காரும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உண்மையான வேலை தவறான வாக்கியங்களில்தான் இருக்கிறது.

“சிந்துவெளி மக்கள் கார் ஓட்டினார்கள்” என்று எழுதினால் பிள்ளை சிரித்துவிட்டு ‘தவறு’ என்று போடும். மதிப்பெண் கிடைக்கும், புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. பிள்ளை உண்மை என்று நம்பக்கூடிய ஒன்றைத்தான் தவறான வாக்கியம் சொல்ல வேண்டும். “மொகஞ்சதாரோ இன்றைய இந்தியாவில் இருக்கிறது” என்பது அப்படிப்பட்டது. இந்தியாவின் பழம்பெரும் நாகரிகம் என்று சொல்லித்தான் அந்த ஊரை அறிமுகம் செய்கிறோம். அதனால் பிள்ளை ‘சரி’ என்றே போடும். அது பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கிறது என்று அப்போது சொன்னால் மனத்தில் நிற்கும். குஜராத்தில் உள்ள லோத்தலையும் தோலாவிராவையும் அதே மூச்சில் வரைபடத்தில் காட்டிவிடலாம்.

நைல் ஆறு இன்னும் நல்ல இடம் தருகிறது. சுவரில் தொங்கும் வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து கீழே வரும் என்பது பிள்ளைக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து, எல்லா ஆறும் வரைபடத்தில் கீழ்நோக்கியே ஓடும் என்று அது முடிவு கட்டியிருக்கும். ஆகவே “நைல் ஆறு வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்கிறது” என்று எழுதுங்கள். விடை தவறு. நைல் தெற்கே உள்ள உயர்ந்த நிலத்திலிருந்து வடக்கே மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. எகிப்தின் தென்பகுதிக்கு ‘மேல் எகிப்து’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். இந்த ஒரு வாக்கியம் சரித்திரத்தோடு புவியியலையும் கற்றுத்தந்துவிடுகிறது.

தவறான வாக்கியத்தை ஒரே ஒரு சொல்லில் பிசகும்படி அமைப்பது நல்லது. “எகிப்தில் பெய்த மழை நைல் ஆற்றில் வெள்ளத்தைக் கொண்டுவந்தது” என்பதைப் பாருங்கள். வெள்ளம் வந்தது உண்மை, மழையால் வந்ததும் உண்மை; இடம்தான் பிழை. எகிப்து மழை குறைந்த நாடு. கோடையில் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழைதான் வண்டலைச் சுமந்துகொண்டு அவ்வளவு தொலைவு ஓடிவந்தது. பிள்ளை ‘தவறு’ என்று குறித்தபின், பிழையான சொல்லை அடித்துவிட்டு மேலே சரியான சொல்லை எழுதச் சொல்லுங்கள். ‘எகிப்தில்’ போய் ‘எத்தியோப்பியாவில்’ வந்தால் பாடம் புரிந்திருக்கிறது.

இந்தத் திருத்தும் வேலையை விட்டுவிடக் கூடாது. பத்து வாக்கியம் கொடுத்தால், ஒன்றுமே படிக்காத பிள்ளையும் குருட்டாம்போக்கில் ஐந்து மதிப்பெண் வாங்கிவிட வாய்ப்புண்டு. எட்டோ அதற்கு மேலோ வாங்குவதுகூட ஏறக்குறைய 18 பேரில் ஒருவருக்கு நேரக்கூடியதுதான். ஆறு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குப் பாடம் தெரியும் என்றோ தெரியாது என்றோ முடிவு செய்ய முடியாது. திருத்திய சொல்லைக் குருட்டாம்போக்கில் எழுத முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. சின்னப் பிள்ளைகள் வாசித்ததை நம்புகிறவர்கள். பிழையான வாக்கியத்தைப் படித்த கையோடு திருத்தாவிட்டால் அதுவே நினைவில் தங்கிவிடக்கூடும். விடையை மறுநாளைக்குத் தள்ளாமல், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சொல்லி, திருத்திய வடிவத்தை எல்லோரும் ஒருமுறை உரக்கப் படிப்பது நல்லது.

எதிர்மறை வாக்கியங்களை நான் முழுக்கவே ஒதுக்கிவிடுவேன். “சிந்துவெளி எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை” என்பது சரியான செய்திதான். ஆனால் ‘இல்லை’ என்று முடியும் வாக்கியத்துக்கு ‘சரி’ என்று விடை போடுவது எட்டு வயதுப் பிள்ளையைக் குழப்பும். செய்தி தெரிந்தும் மதிப்பெண் போகும். “சிந்துவெளி முத்திரைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்று நமக்குத் தெரியும்” என்று மாற்றினால் குழப்பம் நீங்குகிறது, விடை தவறு. அந்த எழுத்தின் புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

‘எல்லா’, ‘மட்டும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். “சிந்துவெளி மக்கள் எல்லா வீடுகளையும் சுட்ட செங்கல்லால் கட்டினார்கள்” என்றால், பாடம் தெரியாத பிள்ளையும் ‘எல்லா’வைப் பார்த்துத் தவறு என்று ஊகிக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு “மொகஞ்சதாரோவில் சுட்ட செங்கல் வீடுகள் இருந்தன” என்று எழுதினால் விடை சரி, ஊகிக்கவும் வழியில்லை.

சரியான வாக்கியங்கள் பிள்ளையின் கண்முன் ஒரு பொருளைக் கொண்டுவரட்டும். “சுமேரியர்கள் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் எழுதினார்கள்” என்பதைப் படித்தவுடன் கொஞ்சம் களிமண்ணையும் ஒரு குச்சியையும் கையில் கொடுத்துவிடலாம். “மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் தண்ணீர் கசியாமலிருக்க இயற்கைத் தார் பூசினார்கள்” என்பதும் அப்படியே. அந்தக் குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினால், அதற்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் அதே குளத்தில் யார் குளித்தார்கள், எதற்காகக் குளித்தார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். சடங்குக்காக இருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. அதை உறுதிசெய்யும் எழுத்துச் சான்று நம் கையில் இல்லை. மொகஞ்சதாரோவில் கிடைத்த, தாடி வைத்த சிறிய கற்சிலையும் அப்படித்தான். ‘பூசாரி அரசன்’ என்பது பின்னாளில் வந்த பெயர். அவர் பூசாரியா, அரசரா, இரண்டும் இல்லையா என்று சொல்ல வழியில்லை. “சிந்துவெளியை ஒரு பூசாரி அரசன் ஆண்டான்” என்ற வாக்கியத்துக்குச் சரி என்றும் போட முடியாது, தவறு என்றும் போட முடியாது. இப்படிப்பட்டவற்றைக் கதையாகப் பேசலாம், வினாத்தாளில் வைக்கக் கூடாது.

வரிசை அமைக்கும்போது சரி, தவறு, சரி, தவறு என்று மாறி மாறி வைத்தால் பிள்ளைகள் மூன்றாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் சரி, தலை விழுந்தால் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கி விடை சொல்லவைத்தால் எல்லோரும் வகுப்பின் முதல் மாணவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆளுக்குப் பச்சை, சிவப்பு என்று இரண்டு அட்டை கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தூக்கச் சொன்னால் அவரவர் விடை தெரியும்.

அட்டைகள் தூக்கியபின் நீங்கள் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை மட்டுமல்ல. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே பிழையாகத் தூக்கினால் வாக்கியத்தைச் சந்தேகப்படுங்கள். “சிந்து ஆறு இமயமலையில் தோன்றுகிறது” என்பதற்குப் பெரும்பாலோர் ‘சரி’ என்பார்கள். கயிலாய மலைக்கு அருகே திபெத்தில் தோன்றுகிறது என்று படித்த பிள்ளை, அது இமயமலையின் முதன்மைத் தொடருக்கு வடக்கே அல்லவா இருக்கிறது என்று யோசித்து ‘தவறு’ என்னும். அதிகம் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் போனால் குறை வாக்கியத்தில்தான். அதை அடித்துவிட்டு “சிந்து ஆறு அரபிக்கடலில் கலக்கிறது” என்று எழுதுங்கள்.